பெயர் போடாத படத்துக்குப் பெயர் போட்டவர்கள்

கேள்வி: எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்று வந்த அன்று வீட்டுப் பல்கனியில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி முகநூலில் போட்டேன். பெயர், பாடசாலை, இடம் எதையும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் மகளின் பெயர், பாடசாலை, சனிக்கிழமை நடன வகுப்பு, நாங்கள் இருக்கும் ஒழுங்கை எல்லாவற்றையும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதி, “சரிதானே?” என்று கேட்டார். விசாரித்தால் அவர் என் கணவரின் தம்பியுடைய நண்பராம். விளையாட்டாகத் தேடிப் பார்த்தாராம். “படத்தைப் போட்டது நீதானே, பிறகு ஏன் பயப்படுகிறாய்?” என்கிறார் கணவர். நான் வீணாகப் பயப்படுகிறேனா? இனிப் படமே போடக் கூடாதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரிக்கு, உங்கள் பயம் வீண் அல்ல. அந்த நண்பர் செய்தது தவறு. அவர் எண்ணத்தில் கெடுதி இல்லாமல் இருந்திருக்கலாம். அதனால் அந்தச் செயல் சரியாகிவிடாது. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய படத்தையும் அதன் கீழே உறவினர்கள் எழுதிய கருத்துகளையும் நேரமெடுத்துப் பார்த்தேன். அவர் எந்த வழியால் வந்தார் என்பது அவற்றிலேயே தெரிகிறது. முதலில் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கதவை மூட வேண்டும் என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

படத்தில் மகள் சீருடையைக்கூட மாற்றாமல், கையில் கிண்ணத்துடன் நிற்கிறாள். வெள்ளைச் சீருடை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது; கழுத்துப்பட்டி அப்படியல்ல. அதன் நிறமும் கோடுகளும் கொழும்பில் படித்த எவருக்கும் பாடசாலையின் பெயரைச் சொல்லிவிடும். அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் மரைன் டிரைவும் தண்டவாளமும் கடலும் தெரிகின்றன; ஓரத்தில் புகையிரத நிலையத்தின் கூரை ஒரு விரற்கடை அளவுக்கு எட்டிப் பார்க்கிறது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளை நடந்து பழகிய ஒருவருக்கு, அந்தக் கூரை எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதே போதும், ஒன்றிரண்டு ஒழுங்கைக்குள் இடத்தைக் குறுக்கிவிடுவார். நடந்து பழகாதவருக்கும் கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சி உதவும்.

ஆனால் அந்தப் படத்தில் மகளின் பெயர் இல்லை. பெயரைக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மம்மா. “என்ரை ராசாத்தி” என்று தொடங்கி, பேத்தியின் முழுப் பெயரையும் எழுதி, எத்தனையாம் வகுப்பு என்பதையும் சேர்த்து அவர் வாழ்த்தியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு சித்தி, “சனிக்கிழமை டான்ஸ் கிளாஸிலும் சொல்லுங்கோ, ரீச்சர் சந்தோஷப்படுவா” என்று எழுதி, அந்த ஆசிரியையின் பக்கத்தையும் இணைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் வகுப்பு நடக்கும் மண்டபமும் நேரமும் இருக்கின்றன. ஆக, நீங்கள் மிகக் கவனமாக எழுதாமல் விட்டவற்றை, உங்களைப் போலவே பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கும் இரண்டு பேர் எழுதி முடித்துவிட்டார்கள். இவற்றில் எந்த ஒன்றும் தனியே நின்றால் பெரிய ஆபத்தல்ல. கோடுபோட்ட கழுத்துப்பட்டியையும் கூரையையும் அம்மம்மாவின் ஆசையையும் சித்தியின் ஒரு வரியையும் எடுத்து ஒரே வாக்கியமாகக் கோத்தவர் அந்த நண்பர். ஒரு பிள்ளை யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வாசலில் நிற்பாள் என்ற வாக்கியம் அவர் கோக்கும்வரை எங்கும் இருக்கவில்லை. தவறு அந்தக் கோர்வையில் இருக்கிறது.

நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட படம் அவர் கைக்கு எப்படிப் போனது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கணவரின் தம்பியை நீங்கள் அந்தப் படத்தில் ‘டேக்’ செய்திருக்கிறீர்கள். முகநூலில் Friends என்று வைத்த பதிவில் ஒருவரை டேக் செய்தால், வழக்கமான அமைப்பில் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியத் தொடங்கும். உங்களுக்கு இருநூறு நண்பர்கள், அவருக்கு ஆயிரம் நண்பர்கள் என்றால் உங்கள் வீட்டுப் படம் ஆயிரத்து இருநூறு பேர் வரை நடமாடும் முற்றத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இதை அறியாமல் செய்தது உங்கள் குற்றமல்ல. திரையில் அது சிறிய எழுத்தில்தான் வருகிறது.

இனி உங்கள் கணவர் கேட்ட கேள்வி. பெற்றோரே போட்டுவிட்டார்கள், ஆகவே பார்ப்பவர் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கிறது. தொடர்மாடியில் குடியிருக்கும் நீங்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கும்போது கடந்து போகிறவர் உள்ளே விளையாடும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் அது அயல். அதே ஆள் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு இறங்குகிறது, எந்த வேனில் ஏறுகிறது என்று குறித்துவைத்தால் எந்தத் தகப்பனும் சும்மா இருக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்தது நாங்கள்தானே என்று அப்போது யாரும் சொல்வதில்லை. நீங்கள் படத்தைப் போட்டது சந்தோஷத்தைப் பகிர. பார்ப்பவருக்குக் கிடைத்த அனுமதி அதைப் பார்த்து வாழ்த்துவதற்கு. பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்கான அனுமதி அதற்குள் அடங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்படியொரு அனுமதியைக் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் முழுமையாக இல்லை, ஏனென்றால் அது மகளுடையது. இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்தில் எவரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று பிள்ளையையே உரிமையாளராக வைத்துப் பேசுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் தரவுகளைச் சிறப்பு வகைத் தரவுகளுள் சேர்த்திருக்கிறது. ஆனால் தனிமனிதர் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்பவை அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே அம்மம்மாவின் கருத்துக்கும் சித்தியின் வரிக்கும் சட்டத்தைத் தேடுவதில் பயனில்லை. குடும்பத்துக்குள் பேசித்தான் இதைச் சீர்செய்ய வேண்டும்.

பெயர் வெளியே போவதற்கு நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளுடன் நான் நடத்தும் வகுப்புகளில், “தெரியாத ஆள் என்றால் யார்?” என்று கேட்பதுண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முதலில் சொல்லும் பதில்களில் ஒன்று, “என்ரை பேர் தெரியாத ஆக்கள்.” பெரியவர்களாகிய நமக்கு அது சிரிப்பாக இருக்கலாம், பிள்ளையின் கணக்கில் அது முழு நியாயம். தன் பெயரைச் சொல்லி, அம்மாவின் பெயரையும் சொல்லி, “பேச்சுப் போட்டியில கப் எடுத்தனியாமே” என்று ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தால், அவர் அந்த நொடியிலேயே தெரிந்த ஆளாகிவிடுகிறார். தெரியாதவர்களுடன் போகாதே என்று நாம் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தது அங்கே வேலை செய்யாது.

அதற்கடுத்தது நேரம். பலர் வீட்டு முகவரி வெளியே போனால்தான் பதறுவார்கள். உங்கள் வீட்டுக்குக் கதவு இருக்கிறது, கீழே காவலாளி இருக்கிறார், பிள்ளையைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை நடன வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும் பத்து நிமிடத்தில் இவை ஒன்றும் இல்லை. வருகிற ஆட்டோக்களுக்கும் வேன்களுக்கும் நடுவே யார் யாருடைய பிள்ளையை ஏற்றுகிறார் என்று எவரும் கவனிப்பதில்லை. கிழமை தவறாமல் திரும்பத் திரும்ப நடப்பது எதுவோ, அதைத்தான் முகவரியை விடக் கவனமாக மறைக்க வேண்டும். அந்த நண்பரின் செய்தியில் என்னை மிகவும் உறுத்தியது ஒழுங்கையின் பெயர் அல்ல, வகுப்பின் கிழமைதான்.

விளையாட்டாகத் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்டுபிடித்தது சரியாக இருந்தாலும் தீங்கு, பிழையாக இருந்தாலும் தீங்கு. ஒரு பிள்ளையை யாரோ அடிக்கும் காணொளியோ, வீதியில் கையேந்தும் பிள்ளையின் படமோ பரவும்போது, நல்ல நோக்கத்துடன்தான் பலர் பாடசாலையையும் ஊரையும் ஊகித்துக் கருத்துப் பகுதியில் எழுதுகிறார்கள். ஒரே சீருடையில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த ஊகம் சம்பந்தமே இல்லாத இன்னொரு பிள்ளைமேல் எளிதாக விழும். சரியான பிள்ளைமேல் விழுந்தாலோ, அடிபட்ட அவமானத்தைத் தன் பெயருடன் சேர்த்துப் பல வருடம் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைதான். ஆபத்தில் இருக்கும் பிள்ளை உங்கள் கண்ணில் பட்டால், அந்தப் பதிவின் இணைப்பையும் பார்த்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். படத்தை மறுபடி பகிராதீர்கள். யாருடைய பிள்ளை என்று தேடும் வேலை அவர்களுடையது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. எதையும் அழிக்கும் முன் அந்தத் தனிச்செய்தியையும், அனுப்பியவரின் பக்கத்தையும், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தை முகநூலிலிருந்து நீக்குங்கள். கருத்துகளை மட்டும் நீக்கிப் படத்தை விட்டுவைக்கலாமா என்றால், இந்தப் படத்தில் கழுத்துப்பட்டியும் கூரையும் இருப்பதால் வேண்டாம் என்பேன். அந்த நண்பருக்கு நீங்கள் பதில் எழுதாமல், கணவரின் தம்பி மூலம் பேசுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இதை வேறு யாருக்காவது சொன்னாரா, படத்தைச் சேமித்து வைத்திருக்கிறாரா. சேமித்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் “சும்மாதான் செய்தேன்” என்ற வார்த்தையோடு பேச்சை முடித்துவிட வேண்டாம். இவர் மறுபடி உங்களுக்கோ, எந்த வழியிலாவது மகளுக்கோ செய்தி அனுப்பினால், குடும்ப மரியாதை பார்க்காமல் 1929க்கு அழைத்து, எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்களைக் கொடுங்கள்.

அதே கிழமை நடன ஆசிரியையையும், பாடசாலை வேன் சாரதியையும் நேரில் பார்த்து, மகளைக் கூட்டிச்செல்லக்கூடியவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். அதில் இல்லாத ஒருவர் வந்தால், அவர் என்ன காரணம் சொன்னாலும் உங்களுக்குத் தொலைபேசி எடுக்காமல் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று சொல்லுங்கள். மகளுக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அது செல்லப் பெயராகவோ பிறந்த ஊராகவோ இருக்கக் கூடாது, அவை ஏற்கெனவே பலருக்குத் தெரியும். “அம்மா அனுப்பினவா” என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேள், சொல்லாவிட்டால் உள்ளே ஆசிரியையிடம் ஓடிப் போ என்று ஒன்றிரண்டு முறை நடித்துக் காட்டியே பழக்குங்கள். பெயர் தெரிந்தவர் எல்லாரும் தெரிந்தவர் அல்ல என்பதை எட்டு வயதுப் பிள்ளை இப்படித்தான் பிடித்துக்கொள்ளும்.

படமே போடக் கூடாதா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் பாதிக் குடும்பத்தை வைத்திருக்கும் நமக்குப் படம் அனுப்பாமல் முடியாது. சீருடையை மாற்றிய பின், வெறும் சுவரையோ திரைச்சீலையையோ பின்னால் வைத்து எடுத்தால், உங்கள் மகளின் சிரிப்பும் கிண்ணமும் அப்படியே இருக்கும், பாடசாலையும் ஒழுங்கையும் போய்விடும். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் வெட்டி விடுங்கள். மறைப்பதாக இருந்தால் தொலைபேசியில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்புப் பூசாதீர்கள். அது பாதி ஒளி ஊடுருவும் மை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருக்கும் எழுத்து தெரிந்துவிடலாம். முழுதாக நிரப்பிய ஒரு கட்டத்தை அதன்மேல் வைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள்.

படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இட விவரத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்பதுண்டு. தொலைபேசிக் கமெராவில் இடப்பதிவு இயங்கினால், எடுத்த இடத்தைக் காட்டும் எண்களான ஆயங்கள் படத்தோடு சேமிக்கப்படும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அவை நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று Document ஆக அனுப்பினால் அப்படியே போகும். ஐபோனில் Settings > Privacy & Security > Location Services > Camera என்ற இடத்தில் Never என்று வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை; சாம்சங் தொலைபேசிகளில் கமெரா அமைப்புகளுக்குள் Location tags என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். செய்ய வேண்டியதுதான், ஆனால் இதைச் செய்துவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தது ஆயங்கள் அல்ல. கழுத்துப்பட்டியும் கருத்துப் பகுதியும்தான்.

முகநூலில் அடுத்த முறை யாரையும் டேக் செய்யாதீர்கள். கணவரின் தம்பி பார்க்க வேண்டுமென்றால் அவருக்கு நேரே அனுப்பலாம். முன்பு பொதுவில் போட்ட பதிவுகள் இருந்தால் அமைப்புகளில் Limit Past Posts என்பதை அழுத்துங்கள், அவை ஒன்றாக நண்பர்களுக்குள் சுருங்கும். உங்கள் முகப்புப் படமும் அட்டைப் படமும் நண்பரல்லாதவருக்கும் தெரியும் என்பதால் மகளை அங்கே வைக்காதீர்கள். விழாவோ வகுப்போ, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிய பின் போடுங்கள். ஒவ்வொரு கிழமையும் நடக்கும் எதையும் கிழமை தெரியும்படி போடாதீர்கள்.

நடன ஆசிரியையிடமும், பிற்காலத்தில் சாமத்தியச் சடங்குக்குப் படமெடுக்க வரும் ஸ்டூடியோவிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அவர்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் பக்கத்தில் போடும் படங்களில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், மண்டபம், தேதி எல்லாம் அழகான எழுத்தில் ஒரே பக்கத்தில் இருக்கும். அதைக் கோக்க யாரும் சிரமப்படவே தேவையில்லை. தொழிலுக்காகச் செய்வதால், வீட்டுத் தேவை என்று அவர்கள் சொல்ல முடியாது. முற்பணம் கொடுக்கும்போதே, எங்கள் அனுமதியின்றி எந்தப் படமும் வெளியிடக் கூடாது என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். செய்தித் தளங்களுக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தும் இதே வகைதான்: “வெள்ளவத்தையில் வசிக்கும் இன்னார் தம்பதியினரின் செல்வப் புதல்வி” என்று தொடங்கி, வயது, பாடசாலை, அம்மப்பா அம்மம்மாவின் ஊர் வரை வரிசையாகச் சொல்லி, நடுவில் படத்தையும் வைத்துவிடுகிறோம். வாழ்த்துப் போடத்தான் வேண்டும் என்றால், பிள்ளையின் செல்லப் பெயரும் வாழ்த்துபவர் பெயரும் போதும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும்போது சுட்டெண்ணும் முழுப் பெயரும் தெரியும் தாளைப் போடும் வழக்கமும் உங்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் வரப்போகிறது. இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சியிருப்பது அம்மம்மா. அவருடைய கருத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சும்மா இருந்தால் மனம் நோவார், மறுமுறையும் அதையே எழுதுவார். தொலைபேசி எடுத்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: “அம்மா, நீங்கள் எழுதின பேரை வைச்சுத்தான் அந்த ஆள் பிள்ளையைக் கண்டுபிடிச்சவர்.” அதன் பிறகு விளக்கம் அதிகம் தேவைப்படாது. குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, படத்தை முதலில் அங்கே போடுங்கள். பெயர் சொல்லிக் கொஞ்சுவதெல்லாம் அங்கே இருக்கட்டும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள், நமக்குத் தெரியாமல் சேர்ந்த எண்கள் சில எப்போதும் இருக்கும்.

அடுத்த படத்தை எடுத்ததும், அதை மகளிடம் காட்டி, “இதை ஆருக்கெல்லாம் காட்டலாம்?” என்று கேளுங்கள். அம்மம்மாவுக்கு மட்டும் என்று அவள் சொன்னால், அம்மம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள்.